ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் வந்த போலிப் பணி அறிவிப்பு: எதைப் பார்த்து அடையாளம் கண்டிருக்க வேண்டும்?

இரவுவிளக்கு (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் நான்கு ஆண்டுகளாக இரவு ஷிப்டில் வேலை பார்க்கிறேன். போன வாரம் எனக்கு நேர்ந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒன்பது மணி ஷிப்ட். 8:52-க்கு இருக்கையில் அமர்ந்து கணினியைத் திறந்தேன். பகல் ஷிப்டினர் முடிக்காமல் விட்ட டிக்கெட்டுகளை எங்கள் பெயருக்கு மாற்றிவிட்டுப் போவது வழக்கம். அதனால் அந்த நேரத்தில் ‘உங்களுக்குப் பணி ஒதுக்கப்பட்டுள்ளது’ என்று ஏழெட்டு மின்னஞ்சல்கள் வந்து கிடக்கும். அன்று 8:55-க்கு வந்த ஒன்று, மூன்று பணிகள் என் பெயரில் இருப்பதாகவும் அவற்றை 9:30-க்குள் ஏற்க வேண்டும் என்றும் சொன்னது. பணிகளை ஒதுக்கும் மைக்ரோசாப்ட் பிளானரிலிருந்து தினமும் வரும் அறிவிப்பின் வடிவமும் நிறமும் அப்படியே இருந்தன. பொத்தானை அழுத்தியதும் லாகின் பக்கம் வந்தது. அதில் எங்கள் நிறுவனத்தின் சின்னமும் பின்னணிப் படமும் இருந்தன, என் மின்னஞ்சல் முகவரி முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தேன். திரையில் இரண்டு இலக்க எண் ஒன்று தோன்றியது. கைப்பேசியில் உள்ள ஆத்தென்டிகேட்டர் செயலி கேட்டபோது அதே எண்ணை இட்டு ஒப்புதல் தந்தேன். உடனே எங்களுடைய வழக்கமான முகப்புப் பக்கம் திறந்தது, ஆனால் அந்த மூன்று பணிகள் அங்கே இல்லை. வேறு யாராவது எடுத்திருப்பார்கள் என்று நினைத்து அழைப்புகளை ஏற்கத் தொடங்கிவிட்டேன்.

இரவு 11:40-க்குப் பக்கத்து அணியில் இருக்கும் அக்கா ஒருவர் வந்து, “தம்பி, நீ அனுப்பிய பணி அறிவிப்பைத் திறந்தால் லாகின் கேட்கிறதே, எதற்கு?” என்று கேட்டார். நான் எதையும் அனுப்பவில்லை. பிறகு பார்த்தபோது என் கணக்கிலிருந்து நாற்பது பேருக்கு அதே அறிவிப்பு போயிருந்தது. எனக்கு வரும் பதில்களையெல்லாம் RSS Feeds என்ற கோப்புறைக்குத் தள்ளும் விதி ஒன்றும் என் அஞ்சல்பெட்டியில் அமைக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பு அணியினர் கணக்கை முடக்கி, கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தார்கள். “அடையாளங்கள் கண்ணெதிரே இருந்தன, நீங்கள் பார்க்கவில்லை” என்று ஒரு வரி மட்டும் சொன்னார்கள். எந்த அடையாளங்கள் என்று சொல்லவில்லை. அதைத்தான் இங்கே கேட்கிறேன்.

---

வேப்பமரத்தடி

போலிப் பக்கத்தைக் கண்டுபிடிப்பது கடினமான வேலை அல்ல என்பது என் அனுபவம். முகவரிப் பட்டையில் பூட்டு அடையாளம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அது போலி. மின்னஞ்சலில் எழுத்துப் பிழைகள் இருக்கும், அவற்றையும் கவனிக்க வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கு முன் சுட்டியை அதன் மேல் வைத்தால் உண்மையான முகவரி கீழே தெரியும். இந்த மூன்றையும் செய்திருந்தால் உங்களுக்கு இது நடந்திருக்காது. கைப்பேசியில் எண்ணைப் பொருத்தி ஒப்புதல் தரும் முறை இருக்கும்போது கடவுச்சொல் போனாலும் கணக்கு போகாது. எனவே உங்கள் கணக்கு வேறு வழியில் கசிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

---

மலைக்காற்று

பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். இரவுவிளக்கு சொன்ன விவரங்களைப் பார்த்தால், கணக்கு வேறு வழியில் கசிந்தது என்று நினைக்கத் தேவையில்லை. அந்த லாகின் பக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் பார்த்தது நகலெடுத்து வரைந்த பக்கம் அல்ல. திருடர் நடுவில் ஒரு சேவையகத்தை நிறுத்துகிறார். நீங்கள் தட்டுவதை அது அந்தக் கணமே உண்மையான மைக்ரோசாப்ட் பக்கத்துக்கு அனுப்புகிறது, அங்கிருந்து வருவதை உங்களுக்குக் காட்டுகிறது. உங்கள் மின்னஞ்சல் முகவரி தெரிந்ததும் உண்மையான பக்கம் உங்கள் நிறுவனத்தின் சின்னத்தையும் பின்னணியையும் காட்டுமல்லவா, அது அப்படியே கடந்து வருகிறது. அந்த இரண்டு இலக்க எண்ணும் உண்மையான எண்தான். 2023 மே மாதத்திலிருந்து மைக்ரோசாப்ட் அந்த எண்பொருத்தத்தைக் கட்டாயமாக்கியது, கேட்காமல் வரும் ஒப்புதல் கோரிக்கையை மக்கள் பழக்கத்தில் அழுத்திவிடுவதைத் தடுப்பதற்காக. இங்கே லாகினை நீங்களே தொடங்குகிறீர்கள், எண் உங்கள் திரையிலேயே தெரிகிறது, எனவே அது இந்தத் திருட்டைத் தடுக்காது. ஒப்புதல் கிடைத்தவுடன் மைக்ரோசாப்ட் ‘இவர் உள்ளே வந்துவிட்டார்’ என்று கொடுக்கும் அமர்வுக் குக்கீ நடுவில் இருப்பவரிடம் போய்ச் சேர்கிறது. அதைத் தன் உலாவியில் வைத்துக்கொண்டால் அவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், உங்கள் கைப்பேசியும் வேண்டாம்.

பூட்டு அடையாளத்தைப் பற்றி வேப்பமரத்தடி எழுதியதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. இணைப்பு குறியாக்கம் செய்யப்பட்டது என்பதைத்தான் பூட்டு சொல்கிறது. எதிரில் இருப்பவர் யார் என்பதற்கு அது சாட்சி அல்ல. பூட்டு தோன்றுவதற்குத் தேவையான சான்றிதழை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிச் சில நிமிடங்களில் பெறலாம். எழுத்துப் பிழையும் இப்போது பெரிதாக உதவாது, ஏனெனில் உண்மையான அறிவிப்பின் வார்ப்பையே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

மாறாமல் இருக்க முடியாதது முகவரிப் பட்டை ஒன்றுதான். இரவுவிளக்கு அவர்களே, உலாவி வரலாற்றில் அன்று 8:55 முதல் 8:58 வரை இருந்ததைப் பாருங்கள். ஏறக்குறைய இப்படி ஒன்று இருக்கும் (யாரும் தவறி அழுத்திவிடாதபடி ஒரு மாதிரிப் பெயரை இட்டிருக்கிறேன்):

```
https://login.microsoftonline.com.task-shift.example/common/login
```

கண் இடப்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும், பழகிய பெயரைப் பார்த்தவுடன் நின்றுவிடும். படிக்க வேண்டிய முறை வேறு. `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். கடைசியாக உள்ள `task-shift.example` என்பதே அந்த வீட்டின் உரிமையாளர் பெயர். அதற்கு முன்னால் இருப்பவையெல்லாம் உரிமையாளர் தன் விருப்பப்படி எழுதிக்கொண்ட பலகைகள். `co.in` போன்ற முடிவு உள்ள முகவரிகளில் மட்டும் இன்னும் ஒரு சொல் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

---

நெல்லைப்பிள்ளை

இந்தப் ‘பணி’ மோசடியில் என் தங்கையும் மாட்டிக்கொண்டாள். டெலிகிராமில் காணொளிகளுக்கு விருப்பக்குறி இட்டால் ஒரு பணிக்கு ஐம்பது ரூபாய் என்று தொடங்கினார்கள். முதல் இரண்டு நாள் பணமும் வந்தது. பிறகு பெரிய பணி வேண்டுமானால் முன்பணம் கட்டு என்று சொல்லி மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். எனவே பணி என்ற சொல்லோடு யார் செய்தி அனுப்பினாலும் பதில் சொல்லாமல் தடை செய்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை.

---

மலைக்காற்று

நெல்லைப்பிள்ளை, உங்கள் தங்கைக்கு நடந்தது பகுதிநேர வேலை என்ற பெயரில் நடக்கும் பண மோசடி. அதற்கு 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ இன்னும் புகார் கொடுக்கவில்லையென்றால் இன்றே கொடுங்கள், பணம் பல கணக்குகளுக்குக் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு அப்போதுதான் அதிகம். இங்கே பேசுவது வேறு விஷயம். அலுவலகத்தில் பணி அறிவிப்பு உண்மையாகவே தினமும் வரும், எல்லாவற்றையும் தடை செய்தால் வேலையே நடக்காது. உண்மையானவற்றுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் ஒன்றைப் பிரிப்பதுதான் கேள்வி.

---

செவிலி மதுரை

நான் ஒரு மருத்துவமனையில் வார்டு செவிலியர். எங்கள் நிலைமை சற்று மாறுபட்டது, அதற்கும் வழி சொல்ல முடியுமா என்று பாருங்கள்.

வார்டு மேசையில் ஒரே கணினி, அதை மூன்று ஷிப்டினரும் பயன்படுத்துகிறோம். காலை 7:30-க்கு ஷிப்ட் மாறும்போது முந்தையவர் வெளியேறுவார், நான் என் பெயரில் உள்ளே போவேன். மருந்து கொடுக்கும் பட்டியல், மாதிரி எடுக்கும் பட்டியல் எல்லாம் அந்த மென்பொருளில்தான் பணியாக வரும். சில மாதங்களுக்கு முன் எங்கள் வாட்ஸாப் குழுவில், மேற்பார்வையாளர் அக்காவின் பெயரிலும் படத்திலும் ஒரு எண்ணிலிருந்து, ‘இன்றைய கடமைப் பட்டியல் மாற்றப்பட்டுள்ளது, உள்ளே சென்று ஏற்கவும்’ என்று ஒரு இணைப்பு வந்தது. நான் திறக்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்ததால் அல்ல, அன்று இரு நோயாளிகளை அறுவைசிகிச்சைக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் நேரம் கிடைக்கவில்லை. திறந்த ஒரு தங்கை தன் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டாள்.

ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது மீண்டும் லாகின் கேட்டால் அது போலி என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். ஷிப்ட் தொடங்கும்போது யாருமே உள்ளே இருப்பதில்லையே? அந்த நேரத்தில் லாகின் கேட்பதுதான் இயல்பு. அப்போது எதை வைத்துப் பிரிப்பது?

---

மலைக்காற்று

சகோதரி, இந்த இழையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். திருடர் ஷிப்ட் தொடக்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமும் இதுவே. மதியம் மூன்று மணிக்கு லாகின் பக்கம் வந்தால் மனம் ஒரு கணம் நெருடும். ஷிப்ட் தொடங்கும்போது லாகின் பக்கம் வராவிட்டால்தான் நெருடும்.

எனவே நாங்கள் எங்கள் ஊழியர்களுக்கு வரிசையைச் சொல்லிக் கொடுக்கிறோம். இருக்கையில் அமர்ந்ததும் மின்னஞ்சலையோ வாட்ஸாப்பையோ திறந்து அங்கிருந்து வேலைக்குள் போகக் கூடாது. உலாவியில் நீங்களே முன்பு சேமித்து வைத்த புத்தகக்குறி வழியாகவோ, மேசைத்திரையில் நிர்வாகத்தினர் வைத்த சின்னத்தின் வழியாகவோ பணிப் பட்டியலைத் திறந்து, அங்கே லாகின் செய்ய வேண்டும். அந்த நாளின் இயல்பான லாகின் அதோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு மின்னஞ்சலைத் திறக்கலாம். இப்போது ஒரு அறிவிப்பை அழுத்தி அது மறுபடியும் கடவுச்சொல் கேட்டால், உங்களுக்குப் பயிற்சியில் சொன்ன அடையாளம் வேலை செய்யத் தொடங்குகிறது. அந்த அடையாளம் தவறானது அல்ல, வரிசையைச் சொல்லாமல் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது படி, அறிவிப்பில் சொன்ன பணி பட்டியலில் இருக்கிறதா என்று அங்கேயே பார்ப்பது. உண்மையான பணி உங்கள் வரிசையில் டிக்கெட் எண்ணோடு இருக்கும். இரவுவிளக்குக்கு வந்ததில் டிக்கெட் எண்ணே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் அதைப் பட்டியலின் தேடல் கட்டத்தில் இட்டால் ஒன்றும் வராது. பட்டியலில் இல்லாத பணியை மின்னஞ்சலில் ஏற்க வேண்டிய அவசியம் யாருக்கும் கிடையாது.

இதற்கும் எல்லை உண்டு. சில நிறுவனங்களில் சம்பளம், வங்கி விவரம் போன்ற பகுதிகளுக்குள் போகும்போது உண்மையாகவே மீண்டும் ஒரு முறை கடவுச்சொல் கேட்பார்கள். அப்படிக் கேட்டால் அந்தத் தாவலை மூடிவிட்டு, உங்கள் புத்தகக்குறி வழியே அதே பகுதிக்குப் போய்ப் பாருங்கள். உண்மையான கோரிக்கை அங்கேயும் வரும்.

---

வேப்பமரத்தடி

பூட்டு பற்றி நான் எழுதியது தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சுட்டியை மேலே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது என்றுதான் நினைத்திருந்தேன். இன்று காலை எங்கள் அலுவலக அவுட்லுக்கில் நான்கு அறிவிப்புகளில் முயன்று பார்த்தேன். நான்கிலும் தொடக்கத்தில் `safelinks.protection.outlook.com` என்றே வருகிறது. உண்மையானதும் போலியானதும் ஒரே முகவரியாகத் தெரிந்தால் என்ன செய்வது?

---

மலைக்காற்று

அது உங்கள் நிறுவனம் போட்டிருக்கும் வடிகட்டி. இணைப்புகளைத் தன் முகவரிக்குள் பொதிந்து, நீங்கள் அழுத்தும்போது சோதிக்கிறது. அசல் முகவரி அந்த நீண்ட வரியில் `url=` என்பதற்குப் பிறகு இருக்கும். சாய்கோடு `%2F` என்றும் முக்காற்புள்ளி `%3A` என்றும் மாறியிருப்பதால் படிப்பது சிரமம். ஷிப்ட் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருவர் அதைப் பிரித்துப் படிப்பார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன். வடிகட்டி கடக்கவிட்டது என்பதால் பாதுகாப்பானது என்றும் கொள்ளக் கூடாது, சில மணி நேரத்துக்கு முன் பதிவு செய்த முகவரி அதன் தடைப் பட்டியலில் இன்னும் சேராமல் இருக்கலாம். அதனால்தான் முகவரியைப் படிப்பதை விட, அறிவிப்பை அழுத்தாமல் பணிப் பட்டியலுக்குப் போவதை முதலில் வைக்கிறேன்.

---

அணித்தலைவர்

முப்பது பேர் கொண்ட அணியை நடத்துபவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். மலைக்காற்று சொல்லும் வரிசை சரியானதே. ஆனால் எங்கள் மையத்தில் ஒருவர் 9:00-க்கு அழைப்பு ஏற்கும் நிலையில் இல்லையென்றால், 9:01 முதல் அவருடைய வருகைக் கணக்கில் குறைவு விழுகிறது. கணினி திறக்கவே ஆறேழு நிமிடம் ஆகும் இடத்தில், சந்தேகப்பட்டு நிற்பவருக்குத் தண்டனையும் சந்தேகப்படாமல் அழுத்துபவருக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைக்கின்றன. இதை மாற்றாமல் ஊழியரை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை.

எங்கள் பணித்தளத்தில் கைப்பேசிக்கும் அனுமதி இல்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி கொடுத்தார்கள். அது வந்த பிறகு இந்த வகைத் திருட்டு எங்கள் தளத்தில் நடக்கவில்லை. சாவி தான் பதிவு செய்யப்பட்ட முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும், நடுவில் நிற்கும் முகவரிக்குச் சொல்லாது என்று விளக்கினார்கள். அப்படியானால் ஊழியர் எதையும் கவனிக்க வேண்டியதில்லை என்றே கருதுகிறேன்.

---

மலைக்காற்று

சாவியைப் பற்றிய விளக்கம் சரி. கவனிக்க வேண்டியதில்லை என்ற முடிவு மட்டும் சரியல்ல. சாவியோடு பழைய முறையும் கணக்கில் விட்டு வைக்கப்பட்டிருந்தால், நடுவில் நிற்பவர் சாவி கேட்கும் பக்கத்தை மறைத்துவிட்டு ‘வேறு முறையில் உள்ளே செல்லவும்’ என்பதை மட்டும் காட்ட முடியும். தினமும் சாவியைத் தொடச் சொல்லும் இடம் ஒரு நாள் கடவுச்சொல்லும் குறுஞ்செய்தி எண்ணும் கேட்டால், அந்த மாற்றமே எச்சரிக்கை.

போலி முகவரியே இல்லாத இன்னொரு வகையும் உண்டு. ‘உங்கள் ஷிப்ட் பணியைத் திறக்க இந்தக் குறியீட்டை இடவும்’ என்று ஒரு குறியீட்டோடு `microsoft.com/devicelogin` என்ற இணைப்பு வரும். அது உண்மையான மைக்ரோசாப்ட் பக்கம், முகவரியை எப்படிப் படித்தாலும் குறை காண முடியாது. தொலைக்காட்சி போன்ற விசைப்பலகை இல்லாத கருவிகளை இணைப்பதற்காக உருவான வசதி அது. குறியீட்டைத் திருடர் தன் கணினிக்காக வாங்கியிருக்கிறார். நீங்கள் இட்டு ஒப்புதல் தந்தால் அவர் கணினி உங்கள் பெயரில் உள்ளே போய்விடும். இதில் லாகின் உண்மையான முகவரியிலேயே நடப்பதால் சாவியும் காப்பாற்றாது. இந்த முறை பரவலாகப் பயன்படுவதாக மைக்ரோசாப்ட் 2025 பிப்ரவரியில் எச்சரித்தது. குறியீடு 15 நிமிடமே செல்லும் என்பதால்தான் அவசரப்படுத்துவார்கள். உங்கள் கையில் உள்ள கருவியின் திரையில் நீங்களே பார்க்காத குறியீட்டை எங்கும் இடாதீர்கள். நிர்வாகத்தினர் இந்த வசதியையே மூடிவிடுவது நல்லது, பெரும்பாலான சேவை மையங்களுக்கு அது தேவைப்படாது.

இரவுவிளக்கு அவர்களுக்கு ஒன்று. கடவுச்சொல்லை மாற்றியதோடு நிறுத்திவிட்டார்களா? எல்லா அமர்வுகளையும் ரத்து செய்தார்களா என்று கேளுங்கள். நீங்களே `mysignins.microsoft.com` போய், பாதுகாப்பு விவரங்களில் உங்களுக்குத் தெரியாத கைப்பேசியோ செயலியோ சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்தவர் முதலில் செய்வது தனக்கென்று ஒரு ஒப்புதல் கருவியைச் சேர்த்துக்கொள்வதுதான். அது இருந்தால் கடவுச்சொல்லை மாற்றினாலும் அவருக்கு ஒரு பிடி மிச்சமிருக்கும்.

---

இரவுவிளக்கு

எல்லோருக்கும் நன்றி. நேற்று பார்த்தவற்றை எழுதுகிறேன்.

உலாவி வரலாற்றில் அந்த முகவரி இருந்தது. தொடக்கம் மைக்ரோசாப்ட் போலவே இருந்தாலும், மலைக்காற்று ஐயா சொன்னபடி சாய்கோட்டிலிருந்து பின்னோக்கிப் படித்தபோது, கடைசியில் நான் கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தது. மின்னஞ்சலில் டிக்கெட் எண் இல்லை. ஆத்தென்டிகேட்டர் செயலியில் எண்ணை இடும் கட்டத்துக்கு மேலே, லாகின் எந்த ஊரிலிருந்து வருகிறது என்ற வரைபடம் வழக்கமாக வரும். அன்றும் வந்திருக்க வேண்டும். நான் எண்ணை மட்டும் பார்த்தேன். லாகின் பதிவில் 8:57-க்கு நெதர்லாந்து என்று இருக்கிறது.

பாதுகாப்பு விவரங்களில் எனக்குச் சொந்தமில்லாத ஒரு ஆத்தென்டிகேட்டர் பதிவு இருந்தது. நாள், நான் ஏமாந்த அதே நாள். ஒரு வாரமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. பாதுகாப்பு அணியினரிடம் காட்டியதும் அதை நீக்கி, எல்லா அமர்வுகளையும் ரத்து செய்தார்கள். ஏற்கெனவே கொடுக்கப்பட்ட அனுமதி சுமார் ஒரு மணி நேரம் வரை செல்லக்கூடும் என்பதால் அதுவரை கணக்கை முடக்கியே வைத்திருந்தார்கள். இம்மாதிரி ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் வந்த உத்தரவைப் பற்றிக் கேட்டேன், அதைச் சட்டப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

நேற்றிரவு முதல் நான் பணிப் பட்டியலைப் புத்தகக்குறி வழியாக முதலில் திறந்துவிட்டு, அதன் பிறகே மின்னஞ்சலுக்குப் போகிறேன். நான்கு நிமிடம் கூடுதலாக ஆகிறது. நேற்று 9:03-க்குத்தான் முதல் அழைப்பை ஏற்றேன், மூன்று நிமிடக் குறைவு என் பெயரில் விழுந்திருக்கிறது. அணித்தலைவர் ஐயா, உங்கள் மையத்தில் இந்த நிமிடங்களை நீக்கக் கோரி யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, கொடுத்தால் எந்தப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டும்?

---

அணித்தலைவர்

நான் இரண்டு முறை பணியாளர் திட்டமிடல் பிரிவுக்கு எழுதினேன். முதல் முறை பதில் இல்லை. இரண்டாம் முறை, வாடிக்கையாளர் நிறுவனத்துடனான ஒப்பந்தத்திலேயே அந்த நேரக் கணக்கு இருப்பதால் தங்களால் மாற்ற முடியாது என்றார்கள். உங்கள் நிகழ்வில் 8:57, 11:40 என்று நேரங்கள் தெளிவாக இருக்கின்றன. பெயரை நீக்கிவிட்டு அதை என் மூன்றாவது கடிதத்தில் சேர்க்க அனுமதிப்பீர்களா?